லேயர் பேர் மேட்ச் ஆகாம ட்ரான்சிஷன் ஃபேட் ஆகுதா? அறிகுறி வாரியா பாத்து சரி பண்ற வழி

ஃபிக்மால `Smart animate` போட்டும் கார்டு நகராம, பழைய ஸ்க்ரீன் மங்கி புது ஸ்க்ரீன் தெளிஞ்சு வருதுன்னா அது பக் இல்ல. ஒரு லேயருக்கு அடுத்த ஃப்ரேம்ல ஜோடி கிடைக்கலன்னா அதை அந்த இடத்துலயே மங்க வெச்சிடும், அவ்ளோதான். ஜோடியை எப்படி தேடுதுன்னா, லேயர் பேரு ஒண்ணா இருக்கணும், அதோட அந்த லேயர் எந்த குரூப்புக்குள்ள எந்த ஃப்ரேமுக்குள்ள இருக்குன்ற முழு பாதையும் ஒண்ணா இருக்கணும். ஒரே வீட்டு நம்பர் பல தெருவுல இருக்கற மாதிரி, `thumb`னு பேரு மட்டும் ஒத்துப்போனா பத்தாது, தெருவும் ஒத்துப்போகணும். ஆனா மேல இருக்கற ஸ்க்ரீன் ஃப்ரேமோட பேரு மட்டும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல, `List`ல இருந்து `Detail`க்கு தாராளமா போகலாம்.

கீழ இருக்கறதுல உங்க அறிகுறி எதுவோ அதுக்கு நேரா போங்க. ஒவ்வொண்ணுலயும் சுலபமான காரணம் முதல்ல, வேலை அதிகம் வாங்கறது கடைசில.

## எதையும் தொடறதுக்கு முன்னாடி: கலர் டெஸ்ட்

300 மில்லிசெகண்ட்ல ஓடற அனிமேஷனை கண்ணால பாத்து எது நகருது எது மங்குதுன்னு சொல்ல முடியாது, அதனால முதல்ல டியூரேஷனை 3000க்கு ஏத்துங்க, ஈசிங்கை `Linear` ஆக்குங்க. பாதி பேருக்கு பிரச்சனை எந்த லேயர்லன்னு இப்பவே தெரிஞ்சிடும்.

அப்பவும் சந்தேகமா இருந்தா, சந்தேகப்படற லேயரோட ஃபில்லை முதல் ஃப்ரேம்ல அடிக்கற சிவப்பு, ரெண்டாவது ஃப்ரேம்ல அடிக்கற நீலம் ஆக்கி ஓட விடுங்க. ஜோடி சேர்ந்திருந்தா ஒரே ஒரு பெட்டி நகர்ந்துகிட்டே சிவப்புல இருந்து ஊதா வழியா நீலமா மாறும். சேரலன்னா சிவப்பு பெட்டி பழைய இடத்துலயே நின்னு கரையும், நீலப்பெட்டி புது இடத்துல தனியா முளைக்கும். இதுல குழப்பமே வராது. ரெண்டு இடமும் பக்கத்துல பக்கத்துல இருந்தா மட்டும், டெஸ்டுக்காக ஒண்ணை தூரமா நகத்தி வெச்சு பாருங்க. படமா இருந்தா மேல ஒரு கலர் ஃபில் சேத்தா போதும், டெஸ்ட் முடிஞ்சதும் எடுத்துடலாம்.

## அறிகுறி 1: ஸ்க்ரீன் மொத்தமும் ஃபேட் ஆகுது, எதுவுமே நகரல

இணைப்புல என்ன இருக்குன்னு பாருங்க. `Prototype` டேப்ல அந்த அம்புக்குறியை க்ளிக் பண்ணி அனிமேஷன் `Smart animate`தானா, இல்ல `Dissolve`ஆ இருக்கானு பாருங்க. சிரிக்காதீங்க, நிறைய நேரம் இதுதான். ஒரே ஃப்ரேம்ல இருந்து ரெண்டு மூணு இணைப்பு போச்சுன்னா, ஒண்ணை மாத்திட்டு வேற ஒண்ணை தட்டி பாத்துகிட்டு இருப்போம். கார்டு மேல ஒரு இணைப்பு, கார்டுக்குள்ள இருக்கற படத்து மேல இன்னொரு இணைப்புன்னு இருந்தா விரல் எதை தொடுதோ அதுதான் ஓடும்.

`Push`, `Slide in` மாதிரி வேற அனிமேஷன் வெச்சிருந்தா, அங்கயே மேட்ச் ஆகற லேயரை அனிமேட் பண்ணணுமான்னு ஒரு டிக் பெட்டி இருக்கும். அது டிக் ஆகாம இருந்தா முழு ஸ்க்ரீனும் ஒரே தகடா நகரும்.

இணைப்பு சரின்னா, ஒரு படி ஏறிப்போச்சான்னு பாருங்க. ரெண்டு ஃப்ரேமோட லேயர் லிஸ்டையும் முழுசா விரிச்சு பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க. யாரோ ஒருத்தர் ரெண்டாவது ஃப்ரேம்ல எல்லாத்தையும் செலக்ட் பண்ணி குரூப் போட்டிருப்பாங்க, இல்லன்னா Shift+A அடிச்சு ஆட்டோ லேஅவுட் ஆக்கியிருப்பாங்க. அப்ப எல்லா லேயருக்கும் மேல புதுசா ஒரு பெற்றோர் வந்திடும், உள்ள இருக்கற அத்தனை பேரும் சரியா இருந்தாலும் பாதை மாறிப்போச்சு, அதனால ஒண்ணுகூட மேட்ச் ஆகாது. மொத்தமும் ஃபேட் ஆகுதுன்னா காரணம் பெரும்பாலும் இந்த மாதிரி ஒரே ஒரு இடத்துலதான் இருக்கும், ஒவ்வொரு லேயரா பேர் மாத்த உக்காராதீங்க.

சரி பண்ண அந்த கூடுதல் குரூப்பை கலைங்க, Ctrl+Shift+G, மேக்ல Cmd+Shift+G. கலைக்க முடியாத மாதிரி லேஅவுட் அதை நம்பி இருந்தா, முதல் ஃப்ரேம்லயும் அதே பேர்ல அதே மட்டத்துல ஒரு உறை போடுங்க. எந்தப் பக்கம் மாத்தறோம்ன்றது முக்கியமில்ல, ரெண்டு பக்கமும் ஒண்ணா இருந்தா போதும்.

அப்பவும் ஓடலையா, டூலையே சோதிங்க. புது ஃபைல்ல ஒரு ஃப்ரேம், உள்ள ஒரே ஒரு செவ்வகம். ஃப்ரேமை டூப்ளிகேட் பண்ணி செவ்வகத்தை கீழ நகத்தி `Smart animate`ல இணைங்க. இது ஓடுச்சுன்னா தப்பு உங்க ஃபைல்ல, மேல சொன்னதை மறுபடி பொறுமையா பாருங்க. இதுவே ஓடலன்னா பிரவுசரை மாத்தி பாருங்க, டெஸ்க்டாப் ஆப்ல பாருங்க, அங்கயும் ஓடலன்னா அந்த சின்ன ஃபைலையே இணைச்சு சப்போர்ட்டுக்கு எழுதுங்க. பெரிய ஃபைலை அனுப்பினா யாரும் உள்ள இறங்கி தேட மாட்டாங்க.

## அறிகுறி 2: லிஸ்ட் கார்டை தட்டினா விரிஞ்சு டீடெய்ல் ஸ்க்ரீன் ஆகணும், ஆனா ஃபேட் ஆகுது

அதிகமா மாட்டறது இதுலதான், அதனால ஒரு உதாரணத்தை முழுசா போய் பாப்போம். 390×844 ஃப்ரேம், ஆல்பம் லிஸ்ட். ரெண்டாவது கார்டை தட்டினா அதோட 72×72 சின்ன படம் வளர்ந்து மேல 390×320 பெரிய படமா நிக்கணும்.

முதல் ஃப்ரேம் இப்படி இருக்கும்:

```
List
  header
  cards
    card-1
      thumb
      title
    card-2
      thumb
      title
    card-3
      thumb
      title
```

டீடெய்ல் ஸ்க்ரீனை வேற ஒரு நாள் தனியா வரைஞ்சிருப்போம், அது இப்படி இருக்கும்:

```
Detail
  hero
    thumb
    title
  body
  back
```

`thumb`, `title` ரெண்டு பக்கமும் இருக்கே, ஏன் மேட்ச் ஆகல? முதல்ல அதோட பாதை `cards / card-2 / thumb`. ரெண்டாவதுல `hero / thumb`. டூலைப் பொறுத்தவரைக்கும் அது வேற லேயர். இங்க `hero`வுக்கு `card-2`னு பேர் மாத்தினாலும் வேலைக்காகாது, மேல `cards`ன்ற மட்டம் இல்லையே.

இதுக்கு சுலபமான வழி, இருக்கற டீடெய்லை ரிப்பேர் பண்றது இல்ல. `List`ஐ டூப்ளிகேட் பண்ணி அந்த காப்பியை டீடெய்லா வளைக்கறதுதான். பாதை தானா ஒண்ணா வந்திடும். முடிவுல வேண்டியது இது:

```
Detail
  header
  cards
    card-1
    card-2
      thumb
      title
      body
    card-3
  back
```

காப்பில செய்ய வேண்டியது, இந்த வரிசையிலயே செய்யுங்க, மாத்தினா அளவு எல்லாம் கலையும்:

1. `cards`ல ஆட்டோ லேஅவுட் இருந்தா காப்பில மட்டும் அதை எடுத்துடுங்க. ஃப்ரேம் அப்படியே நிக்கணும், அதை கலைச்சிடாதீங்க, கலைச்சா ஒரு மட்டம் போயிடும், திரும்ப ஃபேட்தான். `card-2`குள்ளயும் ஆட்டோ லேஅவுட் இருந்தா அதையும் இதே மாதிரி எடுத்துடுங்க, இல்லன்னா படத்தையும் தலைப்பையும் இஷ்டத்துக்கு வைக்க விடாது.
2. `cards`ஐ X 0, Y 0, 390×844 ஆக்குங்க. இழுக்கும்போது Ctrl அழுத்தி இழுத்தா, மேக்ல Cmd, உள்ள இருக்கறது கன்ஸ்ட்ரெயின்ட்டால இழுபடாது.
3. `card-1`ஐ ஸ்க்ரீனுக்கு மேல, Y −120 மாதிரி, `card-3`ஐ கீழ Y 900 மாதிரி தள்ளுங்க. மவுசால இழுக்காம நம்பரை பேனல்ல அடிங்க, இழுத்தா வெளிய போனதும் ஃப்ரேமை விட்டே கழண்டு கான்வாஸ்ல போய் உக்காந்துக்கும்.
4. `card-2`ஐ X 0, Y 0, 390×844 ஆக்குங்க.
5. கடைசியா உள்ள இருக்கற `thumb`ஐ X 0, Y 0, 390×320, `title`ஐ அதுக்கு கீழ வைங்க, அப்புறம் `body`ஐ `card-2`குள்ளயும், `back`ஐ `cards`க்கு வெளிய, ஆனா அதுக்கு முன்னாடி தெரியற மாதிரியும் சேத்துடுங்க. இதை முன்னாடியே செஞ்சா நாலாவது ஸ்டெப்ல மறுபடி கலையும்.

இப்ப ஓட விடுங்க. படம் வளரும், மத்த ரெண்டு கார்டும் மேலயும் கீழயும் விலகும். `back` பட்டன் முதல் ஃப்ரேம்ல இல்லாததால ஃபேட் ஆகித்தான் வரும், அது பரவால்ல, ஒரு சின்ன ஐகான் ஃபேட் ஆகி வர்றது பாக்க நல்லாவே இருக்கும். எல்லாமே பறந்து வரணும்னு அவசியம் இல்ல.

`body` டெக்ஸ்ட் மட்டும் கார்டு விரியும்போது உள்ள இருந்து வெளிப்படணும்னா, முதல் ஃப்ரேம் `card-2`குள்ளயும் அதே `body`ஐ போடணும். கார்டு ஆட்டோ லேஅவுட்ன்றதால சும்மா போட்டா கார்டு பெருசாயிடும், அதனால அந்த ஒரு லேயரை மட்டும் ஆட்டோ லேஅவுட்டை கண்டுக்காத மாதிரி அப்சல்யூட் பொசிஷன்ல வெச்சு, Y மதிப்பை கார்டு உயரத்துக்கு கீழ குடுங்க, `card-2`ல `Clip content` ரெண்டு ஃப்ரேம்லயும் டிக் ஆகி இருக்கட்டும். சின்ன கார்டுல அது வெட்டுப்பட்டு தெரியாது, கார்டு வளர வளர தெரிய ஆரம்பிக்கும்.

விரியற கார்டு மூணாவது கார்டுக்கு அடியில போய் ஒளிஞ்சுகிட்டு கடைசில டக்குனு மேல வந்தா, லேயர் வரிசை ரெண்டு ஃப்ரேம்ல வேற வேறயா இருக்கு. ரெண்டுலயும் ஒரே வரிசைல வைங்க.

ஒரே ஒரு கஷ்டம் இருக்கு. மூணு கார்டுக்கும் இதே எஃபெக்ட் வேணும்னா மூணு டீடெய்ல் ஃப்ரேம் வேணும், ஒவ்வொண்ணுலயும் வேற கார்டு விரிஞ்சிருக்கணும். டெமோல ஒரு கார்டை மட்டும் தட்டப் போறீங்கன்னா ஒண்ணு போதும், மத்ததுக்கு சும்மா `Dissolve` வைங்க.

## அறிகுறி 3: மத்ததெல்லாம் நகருது, ஒரே ஒரு லேயர் மட்டும் ஃபேட் ஆகுது

டெக்ஸ்ட் லேயரா? அப்ப பேருதான். டெக்ஸ்ட் லேயருக்கு நாமளா பேர் வைக்கலன்னா, உள்ள இருக்கற வார்த்தையே பேரா இருக்கும், வார்த்தையை மாத்தினா பேரும் கூடவே மாறும். முதல் ஃப்ரேம்ல "சேமி", ரெண்டாவதுல "சேமிச்சாச்சு"ன்னு மாத்தினீங்கன்னா பட்டன் நகரும், உள்ள இருக்கற எழுத்து மட்டும் மங்கி முளைக்கும். நீங்க எதையும் ரீநேம் பண்ணவே இல்லயே, டூப்ளிகேட்தானே பண்ணேன்னு தலைய பிச்சுக்குவீங்க. லேயர் பேரை டபுள் க்ளிக் பண்ணி `label`னு ரெண்டு பக்கமும் வெச்சிடுங்க, கையால வெச்ச பேரு அப்புறம் தானா மாறாது. டூப்ளிகேட் பண்றதுக்கு முன்னாடியே முதல் ஃப்ரேம்ல வெச்சிட்டா ரெண்டு தடவை வேலை இல்ல.

ஸ்வாப் பண்ணின இன்ஸ்டன்ஸா? அதேதான். ஐகான் இன்ஸ்டன்ஸை வேற கம்போனன்ட்டுக்கு ஸ்வாப் பண்ணும்போது, நீங்க பேர் வைக்காம விட்டிருந்தா லேயர் பேரும் புது கம்போனன்ட் பேரா மாறிடும். `icon`னு பொதுவா ஒரு பேரு வெச்சிட்டா தப்பிச்சீங்க.

பேரு பாக்க ஒண்ணாத்தான் இருக்கா? கண்ணை நம்பாதீங்க. `Thumb`, `thumb`, `thumb-1`, `thumb_1` எல்லாம் வேகமா பாத்தா ஒண்ணாத்தான் தெரியும். மறுபடி டைப் அடிக்காம, ஒரு பக்கம் பேரை காப்பி பண்ணி மறுபக்கம் பேஸ்ட் பண்ணுங்க. நிறைய லேயர் இருந்தா எல்லாத்தையும் செலக்ட் பண்ணி Ctrl+R, மேக்ல Cmd+R, ஒரே தடவைல மொத்தமா ரீநேம் பண்ற பெட்டி வரும்.

கண்ணு ஐகானை அணைச்சு வெச்சிருக்கீங்களா? மறைச்சு வெச்ச லேயர் அந்த ஃப்ரேம்ல இல்லாத மாதிரிதான். நகர்ந்துகிட்டே மறையணும்னா கண்ணை அணைக்காம ஒபாசிட்டியை 0 ஆக்கி, போய் சேர வேண்டிய இடத்துல வைங்க. ஆனா 0 ஆக்கின லேயர் மேல இணைப்பு இருந்தா, தெரியாத பட்டனை யாராவது தட்டிட வாய்ப்பு இருக்கு, அந்த ஃப்ரேம்ல அந்த இணைப்பை எடுத்துடுங்க.

இதெல்லாம் சரின்னா பாதைதான். அந்த லேயரை செலக்ட் பண்ணி அதோட பெற்றோரை ஒவ்வொண்ணா மேல போய் ரெண்டு பக்கமும் படிச்சு பாருங்க. ஃப்ரேமை இழுக்கும்போது பக்கத்துல இருக்கற குரூப்புக்குள்ள தெரியாம விழுந்திருக்கும், கான்வாஸ்ல பாத்தா இடம் சரியாத்தான் இருக்கும், லேயர் லிஸ்ட்லதான் தெரியும்.

## அறிகுறி 4: நகருது, ஆனா வழியில ரெண்டு உருவம் ஒண்ணு மேல ஒண்ணு தெரியுது

இது பேர் பிரச்சனை இல்ல, பேர் சரியா மேட்ச் ஆயிருக்கு. இடம், அளவு, சுழற்சி, ஒபாசிட்டி, ஃபில் கலர் இதெல்லாம் நடுவுல இருக்கற நிலையை கணக்கு போட முடியும். ஒரு படத்துக்கும் இன்னொரு படத்துக்கும் நடுவுல இருக்கற படம்னு ஒண்ணு இல்லையே, அதனால பெட்டி நகரும், உள்ள இருக்கறது மட்டும் மங்கி மாறும்.

படமா இருந்தா, ரெண்டு பக்கமும் நிஜமாவே ஒரே படமானு பாருங்க. சின்னதுக்கு ஒரு எக்ஸ்போர்ட், பெருசுக்கு வேற ஒரு எக்ஸ்போர்ட்னு தனித்தனியா கொண்டு வந்திருந்தா அது ரெண்டு படம். பெரிய படத்தை ஒரு தடவை கொண்டு வந்து அதே லேயரை ரெண்டு பக்கமும் பயன்படுத்துங்க. ஃபில் முறையும் ஒண்ணா இருக்கட்டும், ஒரு பக்கம் `Fill`, மறுபக்கம் `Crop`னு இருந்தா படம் உள்ள குதிக்கும்.

டெக்ஸ்டா இருந்தா வார்த்தை மாறுதா, வரி உடையற இடம் மாறுதானு பாருங்க. லிஸ்ட்ல ரெண்டு வரியா மடிஞ்ச தலைப்பு டீடெய்ல்ல ஒரே வரியா நீண்டா அதுக்கு நடுவுல எதுவும் இல்ல. ரெண்டு பக்கமும் ஒரே இடத்துல வரி உடையற மாதிரி அகலம் குடுங்க. வார்த்தையே மாறணும்னா ஏத்துக்கிட்டு டியூரேஷனை குறைங்க, 200 மில்லிசெகண்ட்ல யாரும் கவனிக்கறது இல்ல.

ஐகான் வடிவம் மாறணும்னா, அதாவது ஒரு வெக்டர் பாத் இன்னொரு வெக்டர் பாத்தா உருகி மாறணும்னா, அது இங்க நடக்காது. மூணு கோடு மெனு ஐகான் பெருக்கல் குறியா மாறற மாதிரி சிலதை வேற வழில பண்ணலாம். ஒரே வெக்டரா வரையாம `line-top`, `line-mid`, `line-bottom`னு மூணு மெல்லிசான செவ்வகமா வரைங்க, ரெண்டாவதுல மேல இருக்கறதை 45, கீழ இருக்கறதை −45 சுத்தி ஒரே மையத்துக்கு கொண்டு வாங்க, நடு கோட்டுக்கு ஒபாசிட்டி 0. வட்டமா நிரம்பற ப்ராக்ரஸ் வளையமும் பாத்தா வரையாம, எலிப்ஸோட ஆர்க் கைப்பிடிய இழுத்து வரைஞ்சா நல்லா ஓடும்.

இங்க நிறுத்திட்டு ஆளை கூப்பிடணும்: லோகோ இன்னொரு வடிவமா உருகணும், கேரக்டர் கை அசைக்கணும், இந்த மாதிரி கேட்டா ஃப்ரேம் மேல ஃப்ரேமா அடுக்கி நேரத்தை விடாதீங்க. மோஷன் டிசைனர் ஒருத்தர்கிட்ட குடுத்து ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்லயோ ரைவ்லயோ பண்ணி வாங்கிடுங்க. குடுக்கும்போது முதல் நிலை, கடைசி நிலை, டியூரேஷன் மூணையும் சேத்து குடுத்தா திரும்ப திரும்ப பேச வேண்டியது இல்ல.

## அறிகுறி 5: தப்பான பொருள் பறக்குது, கார்டு ஒண்ணு மேல ஒண்ணு குறுக்க ஓடுது

ஒரே பெற்றோருக்கு கீழ ஒரே பேர்ல பல லேயர் இருக்கு. `cards`குள்ள நாலு பேரும் `card`னே இருந்தா எது எதோட ஜோடின்னு டூலுக்கு சொல்ல வழி இல்ல. எல்லாம் அதே வரிசைல இருக்கற வரைக்கும் தப்பு வெளிய தெரியாது, அதனாலதான் இது ஏமாத்தும். நடுவுல ஒண்ணை டெலிட் பண்ணினா, இல்ல வரிசை மாத்தற அனிமேஷன் பண்ணினா உடனே குழம்பும்.

கார்டு எல்லாத்தையும் செலக்ட் பண்ணி Ctrl+R அடிச்சு `card-`னு எழுதி பக்கத்துல `Number` பட்டனை தட்டுங்க, வரிசையா நம்பர் விழும். இதை டூப்ளிகேட் பண்றதுக்கு முன்னாடி பண்ணணும். ரெண்டு ஃப்ரேம்லயும் தனித்தனியா நம்பர் போட்டீங்கன்னா, வரிசை மாத்தின ஃப்ரேம்ல நம்பரும் மாறி விழுந்து, மூணாவது இடத்துக்கு போன கார்டு `card-3` ஆயிடும். அப்ப எதுவுமே நகராது, உள்ள இருக்கறது மட்டும் இருந்த இடத்துலயே மாறும். நம்பர் இடத்துக்கு இல்ல, அந்த கார்டுக்குன்னு நினைச்சுக்கோங்க.

கார்டுக்குள்ள இருக்கற `thumb`, `title` எல்லா கார்டுலயும் ஒரே பேரா இருக்கலாம், தப்பில்ல, பெற்றோர் வேறதானே.

## அறிகுறி 6: கீழ இருந்து ஏறி வர வேண்டிய பேனல் அங்கயே முளைக்குது

பேனல் ரெண்டாவது ஃப்ரேம்ல மட்டும் இருக்கு, அதுக்கு புறப்படற இடம் இல்ல. முதல் ஃப்ரேம்லயும் அது இருக்கணும், ஸ்க்ரீனுக்கு வெளிய, ஆனா அந்த ஃப்ரேமோட பிள்ளையா. பேனலை காப்பி பண்ணி முதல் ஃப்ரேமை செலக்ட் பண்ணி பேஸ்ட் பண்ணுங்க, Y 844 குடுங்க. மவுசால இழுக்கறதுன்னா முதல்ல இழுக்க ஆரம்பிச்சிட்டு அப்புறம் ஸ்பேஸ் பாரை அழுத்தி பிடிங்க, அப்பதான் ஃப்ரேமை விட்டு கழறாது. லேயர் லிஸ்ட்ல அது ஃப்ரேமுக்குள்ள தள்ளி நிக்குதான்னு உறுதி பண்ணிக்கோங்க.

பேனல் ஸ்க்ரீனுக்கு வெளியவும் தெரியுதுன்னா மேல இருக்கற ஃப்ரேமோட `Clip content` டிக் போயிருக்கு. பின்னாடி வர்ற கருப்பு மங்கலும் அதே மாதிரி முதல் ஃப்ரேம்ல ஒபாசிட்டி 0ல இருக்கட்டும்.

பேனல் மட்டும் சும்மா ஏறி இறங்கினா போதும், பின்னாடி எதுவும் மாற வேண்டாம்னா, இவ்ளோ வேலையே வேண்டாம். `Open overlay` குடுத்து `Move in` வெச்சா முடிஞ்சது.

## அறிகுறி 7: போகும்போது நல்லா ஓடுது, திரும்பி வரும்போது ஃபேட்

திரும்பி வர்ற அம்புக்குறியை தனியா வரைஞ்சிருந்தா அது தனி இணைப்பு, அதுக்குன்னு தனி அனிமேஷன் செட்டிங் இருக்கு. அதை க்ளிக் பண்ணி `Smart animate` ஆக்குங்க. அதே மாதிரி அது நீங்க புறப்பட்ட ஃப்ரேமுக்குத்தான் போகுதா, இல்ல பக்கத்துல கிடக்கற பழைய காப்பிக்கு போகுதானும் பாருங்க. ஃபைல்ல `List`, `List copy`, `List final`னு மூணு கிடந்தா இது நடக்கும்.

## அறிகுறி 8: கம்போனன்ட் வேரியன்ட்டுக்குள்ள டாகிள் நகராம மங்குது

விதி அதேதான், ஃப்ரேமுக்கு பதிலா வேரியன்ட். `off` வேரியன்ட்ல வட்டத்துக்கு `knob`னு பேரு, `on` வேரியன்ட்ல `Ellipse 4`னு இருந்தா மங்கும். ஒரு வேரியன்ட்டை முழுசா முடிச்சிட்டு அதுல இருந்து அடுத்ததை உருவாக்கினா பேரு தானா ஒத்துப்போகும். தனித்தனியா வரைஞ்ச ரெண்டு கம்போனன்ட்டை பின்னாடி வேரியன்ட்டா சேத்தீங்கன்னா உள்ள இருக்கற ஒவ்வொரு பேரையும் பாத்துத்தான் ஆகணும்.

வேரியன்ட்டுக்குள்ள `Change to` இணைப்புல `Smart animate` இருக்கானு பாருங்க. கம்போனன்ட்டை தனியா ஓட்டி பாக்கும்போது சரியா ஓடி, ஸ்க்ரீன்ல போட்டதும் ஓடலன்னா, அந்த இன்ஸ்டன்ஸ் மேலயோ அதை சுத்தி இருக்கற ஃப்ரேம் மேலயோ வேற ஒரு இணைப்பு உக்காந்து தட்டறதை எடுத்துக்குதான்னு தேடுங்க.

லைப்ரரில இருந்து வர்ற கம்போனன்ட்னா மூல வேரியன்ட்டுக்குள்ள பேர் மாத்த உங்க ஃபைல்ல இருந்து முடியாது. டிடாச் பண்ணி ஓட்டிடலாம்னு தோணும், பண்ணாதீங்க, அடுத்த அப்டேட்ல உங்க ஸ்க்ரீன் மட்டும் பழசா நிக்கும். எந்த வேரியன்ட்ல எந்த லேயர் பேரு ஒத்துப்போகலன்னு பாதையோட எழுதி லைப்ரரிய பாத்துக்கறவங்ககிட்ட குடுங்க, இந்த மாதிரி:

```
Toggle / off / track / knob
Toggle / on  / track / Ellipse 4
```

ரெண்டு வரியை பாத்தாலே அவங்களுக்கு புரிஞ்சிடும், அவங்க பக்கம் ஒரு ரீநேம்தான் வேலை, பப்ளிஷ் பண்ணினதும் நீங்க அப்டேட்டை ஏத்துக்கிட்டு மறுபடி கலர் டெஸ்ட் ஓட்டி பாருங்க.